மூன்றாம் வகுப்பில் சின்னம்மை: இந்த அறிவிப்பு யாருக்காக?

மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் பள்ளிகளிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வரும். “டாக்டர், ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு.” அடுத்ததாகத் தலைமையாசிரியர் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: “எத்தனை நாள் லீவு விடணும்?”

நியாயமான கேள்விதான். அதற்கான பதிலும் கீழே வருகிறது. ஆனால் சின்னம்மை கண்ட அந்தக் குழந்தை, பொதுவாக ஆரோக்கியமான குழந்தையாக இருந்தால், பத்து நாளில் எழுந்து விளையாடப் போய்விடும். பள்ளி மருத்துவராக நான் பெற்றோருக்கு எழுதும் அறிவிப்பு முதலில் அந்தக் குழந்தைக்காக எழுதப்படுவதில்லை. அதே வகுப்பில், இரண்டு பெஞ்சு தள்ளி, வேறொரு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு குழந்தைக்காக எழுதப்படுகிறது. அந்தக் குழந்தை யார் என்று பல நேரம் எனக்கும் தெரியாது, வகுப்பாசிரியருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் அதன் பெற்றோர் மட்டுமே. அவர்கள் கண்ணில் அந்தத் தாள் சரியான நாளில் பட வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்த்துவிடலாம். ஊர், பள்ளி எதுவாகவும் இருக்கட்டும். மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. மார்ச் 5, புதன்கிழமை காலை குளிப்பாட்டும்போது ஒரு பையனின் முதுகிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகளையும் இரண்டு மூன்று நீர்க்கொப்புளங்களையும் அவன் அம்மா பார்க்கிறார். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிச் சின்னம்மை என்று உறுதி செய்துகொண்டு, வகுப்பாசிரியருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறார். பையன் அன்று பள்ளிக்கு வரவில்லை. ஆனால் திங்களும் செவ்வாயும் வந்திருந்தான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சின்னம்மை வைரஸ், கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே மூச்சுக்காற்றில் பரவத் தொடங்கிவிடும். அவன் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாத அந்த இரண்டு நாளில் வகுப்பு முழுவதும் அவனோடு ஒரே காற்றைச் சுவாசித்திருக்கிறது. வீட்டுக்குள் ஒருவருக்குச் சின்னம்மை வந்தால், முன்பு வராத, தடுப்பூசியும் போடாத மற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை அதைப் பெற்றுவிடுகிறார்கள். வகுப்பறையில் அவ்வளவு இருக்காது என்றாலும், ஒரே அறையில் கால்மணி நேரம் சேர்ந்திருந்தாலே அதைத் தொடர்பு என்று கணக்கில் எடுக்க வேண்டும்.

புதன்கிழமை மதியமே பெற்றோருக்குப் போக வேண்டிய அறிவிப்பு இப்படி இருக்கும்:

“அன்புள்ள பெற்றோருக்கு, மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் ஒரு குழந்தைக்குச் சின்னம்மை வந்திருப்பது இன்று உறுதியாகியிருக்கிறது. மார்ச் 3, 4 தேதிகளில் அந்தக் குழந்தை வகுப்பில் இருந்தது. உங்கள் பிள்ளைக்கு இதற்கு முன் சின்னம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால் மேலே படியுங்கள். உங்கள் பிள்ளை புற்றுநோய்க்கோ ரத்தப் புற்றுக்கோ சிகிச்சையில் இருந்தாலும், ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டாலும் அல்லது சமீபத்தில் நிறுத்தியிருந்தாலும், உறுப்பு மாற்று அறுவைசிகிச்சை செய்திருந்தாலும், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருந்தாலும், எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்டாலும், நாளைக்குத் தள்ளிப்போடாமல் இன்றே உங்கள் சிறப்பு மருத்துவரிடம் பேசுங்கள். ‘மார்ச் 3, 4 தேதிகளில் சின்னம்மைத் தொடர்பு’ என்று தேதியோடு சொல்லுங்கள். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்து, அவர்களுக்குச் சின்னம்மை வந்த நினைவு இல்லையென்றால் அவர்களும் தங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மார்ச் 25 வரை தினமும் காலையில் பிள்ளையின் உடம்பையும் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். ஒரு கொப்புளம் தெரிந்தாலும் பள்ளிக்கு அனுப்பாமல் எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள். இந்த விடுப்பு எந்த வகையிலும் பிள்ளைக்குப் பாதகமாக எடுத்துக்கொள்ளப்படாது.”

நோயுற்ற குழந்தையின் பெயர் இதில் இல்லை. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் பள்ளியின் தாளில் அது ஏறக்கூடாது. தேதிகள் மட்டும் பளிச்சென்று இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லா முடிவும் அந்தத் தேதிகளிலிருந்துதான் பிறக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் தொடர்பு மார்ச் 3. தடுப்பூசி போடாத ஆரோக்கியமான குழந்தைக்கு, தொடர்பு ஏற்பட்ட 3 நாளுக்குள் சின்னம்மைத் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ நல்ல வாய்ப்பு உண்டு. 5 நாள் வரைகூடப் போடலாம். அதாவது மார்ச் 6க்குள் போட்டால் மிக நல்லது, 8 வரை பரவாயில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கு இந்தத் தடுப்பூசி போடவே கூடாது, ஏனெனில் இதில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ். அந்தக் குழந்தைக்குத் தேவை, சின்னம்மைக்கு எதிரான தயார்நிலை எதிர்ப்பொருள், அதாவது இம்யூனோகுளோபுலின் ஊசி. அதை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. 10 நாள் வரை பலன் உண்டு. நம் கணக்கில் அது மார்ச் 13. இந்த ஊசி தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை. பெரிய ஊர்களில்கூடச் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் அதிகம். கிடைக்காவிட்டால் சிறப்பு மருத்துவர் பொதுவான இம்யூனோகுளோபுலினை நரம்பு வழியே கொடுக்கலாம். அல்லது தொடர்பு ஏற்பட்ட ஏழாம் நாளிலிருந்து, அதாவது மார்ச் 10 முதல், ஒரு வாரத்துக்கு அசைக்ளோவிர் மருந்தைக் கொடுக்கலாம். எதைக் கொடுப்பது என்பதை அந்தக் குழந்தையைப் பார்த்து வரும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது பள்ளியில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். புதனன்று தகவல் வருகிறது. “ஒரு பிள்ளைதானே, பீதி கிளப்ப வேண்டாம்” என்று விட்டுவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வருகிறது. திங்கள், மார்ச் 10, டைரியில் ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. அதற்குள் தடுப்பூசிக்கான வாய்ப்பு முழுதாகப் போய்விட்டது. இம்யூனோகுளோபுலினுக்கு மூன்றே நாள் மிச்சம். அதிலும் பெற்றோர் டைரியைப் பார்க்க ஒரு நாள், மருத்துவரைப் பிடிக்க ஒரு நாள், ஊசி வந்துசேர ஒரு நாள். “இன்றே” என்று நான் எழுதுவது அச்சுறுத்தலுக்காக இல்லை என்று தலைமையாசிரியர்களிடம் நான் விடாமல் சொல்லும் காரணம் இதுதான். ஒருவர் மட்டுமே பாதிக்கப்பட்டிருக்கும் நாள்தான் அறிவிப்பு அனுப்ப வேண்டிய நாள். பத்துப் பேருக்கு வந்த பிறகு அனுப்பும் தாள் வெறும் தகவல்.

எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கு இந்த நோய் ஏன் இவ்வளவு ஆபத்து? ஆரோக்கியமான உடம்பில் வைரஸ் தோலில் கொப்புளமாக வெளிப்பட்டு, ஐந்தாறு நாளில் அடங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி படுத்துவிட்ட உடம்பில் அடங்காது. கொப்புளம் இரண்டாவது வாரமும் புதிது புதிதாக வரும். நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் போகும். வைரஸை நேரடியாகத் தாக்கும் மருந்துகள் வருவதற்கு முன்பு, புற்றுநோய் சிகிச்சையின்போது சின்னம்மை வந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர் இறந்திருக்கிறார்கள். இன்று மருந்து இருக்கிறது, ஆனால் அது நரம்பு வழியாக, மருத்துவமனையில், முதல் நாளிலேயே தொடங்கப்பட வேண்டும். இத்தகைய குழந்தைகளில் சில நேரம் தோலில் ஒன்றும் தெரியாமலே கடுமையான வயிற்றுவலியோ முதுகுவலியோ முதலில் வரும், கொப்புளம் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். தொடர்பு இருந்தது என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தால்தான், அந்த வயிற்றுவலியைப் பார்க்கும் மருத்துவருக்கும் சரியான சந்தேகம் எழும்.

இந்தப் பட்டியலில் பெற்றோர் தவறவிடும் பெயர் ஒன்று உண்டு. புற்றுநோய் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் சிறுநீரில் புரதம் வெளியேறி முகமும் காலும் வீங்கும் நெஃப்ராடிக் சிண்ட்ரோம் நம் பள்ளிகளில் அபூர்வமானது இல்லை. அந்தக் குழந்தைகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பிரட்னிசோலோன் சாப்பிடுகிறார்கள். பார்க்கக் கொழுகொழுவென்று இருப்பார்கள், நன்றாக ஓடியாடுவார்கள். “எம் பிள்ளைக்கு என்ன, நல்லாத்தானே இருக்கான்” என்று தாயே நினைப்பார். அந்தக் கன்னப் பூரிப்பே ஸ்டீராய்டின் வேலை. ஒரு குழந்தை தன் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதமோ, தினம் 20 மில்லிகிராமுக்கு மேலோ இரண்டு வாரத்துக்குக் குறையாமல் சாப்பிட்டிருந்தால், அதன் எதிர்ப்புச் சக்தியை நம்பக்கூடாது. நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு அப்படித்தான். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் இன்ஹேலர் இந்தக் கணக்கில் சேராது, அதைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

பெரியவர்கள் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். குளிர் நாடுகளில் பள்ளி வயது முடிவதற்குள் ஏறத்தாழ எல்லோருக்கும் சின்னம்மை வந்துபோயிருக்கும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அப்படி இல்லை, சின்னம்மையைப் பார்க்காமலே இருபது, முப்பது வயதைத் தொட்டவர்கள் நிறையப் பேர். அதனால் வகுப்பறையில் நிற்கும் இளம் ஆசிரியைக்கும் அது புதிதாக வரக்கூடும், குழந்தையைவிடக் கடுமையாக வரும், நுரையீரலைத் தாக்கும் வாய்ப்பும் கூடுதல். அவர் கர்ப்பமாக இருந்தால், முன்பு சின்னம்மை வந்ததா என்று முதலில் அவர் அம்மாவிடம் கேட்கட்டும். உறுதியாகத் தெரியாவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பரிசோதிக்கலாம். இருந்தால் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் மேலே சொன்ன ஊசியோ மருந்தோ அவருக்கும் உண்டு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் முதல் 20 வாரத்துக்குள் தாய்க்குச் சின்னம்மை வந்தால் குழந்தைக்குக் குறைபாடு வரலாம் என்பது உண்மை. ஆனால் அந்த ஆபத்து, மிக மோசமான கட்டத்திலும், நூற்றுக்கு இரண்டு அளவுதான். இதைக் கேட்டதுமே கருவைக் கலைத்துவிடலாம் என்று முடிவெடுத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள், மகப்பேறு மருத்துவரிடம் பேசி, ஸ்கேன் பார்த்து நிதானமாக முடிவெடுக்க நேரம் இருக்கிறது. இன்னொரு ஆபத்தான கட்டம் பிரசவத்தை ஒட்டியது. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் வந்தால், தாயின் எதிர்ப்பொருள் போய்ச் சேராமலே வைரஸ் மட்டும் சிசுவுக்குப் போய்விடும். அந்தச் சிசுவுக்கு உடனே சிகிச்சை வேண்டும்.

இனித் தலைமையாசிரியரின் கேள்விக்கு வருவோம். எத்தனை நாள்?

நாள் எண்ணிக்கை மட்டும் போதாது. கொப்புளம் தோன்றிய நாளிலிருந்து குறைந்தது 5 நாள், அதோடு உடம்பிலுள்ள ஒவ்வொரு கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பள்ளி. நம் பையனுக்கு மார்ச் 5 அன்று தொடங்கியது, ஆகவே 10க்கு முன்னால் பேச்சே இல்லை. 10 அன்று அம்மா அவனை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். முகத்திலும் கையிலும் எல்லாம் காய்ந்திருக்கும். ஏமாற்றுகிற இடங்கள் வேறு. தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், அக்குளில், அரைஞாண் கயிறு உராயும் இடுப்பில். சின்னம்மையில் மூன்று நான்கு நாளைக்கு அலையலையாகப் புதிய கொப்புளம் வந்துகொண்டிருக்கும். கடைசி அலை இந்த மறைவிடங்களில்தான் பிந்தி இருக்கும். அங்கே பனித்துளி மாதிரி ஒரு நீர்க்கொப்புளம் மினுங்கினாலும் இன்னும் ஒரு நாள் வீட்டில் இருக்கட்டும்.

ஆனால் பொருக்கு உதிர்ந்து, கரும்புள்ளியும் மறையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. காய்ந்த பொருக்கிலிருந்து நோய் பரவாது. “தழும்பு போனதும் வரச் சொல்லுங்க” என்று பிள்ளையை மூன்று வாரம் திருப்பி அனுப்பும் பள்ளிகள் உண்டு. அது தவறு. ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு இழைக்கப்படும் அநீதியும்கூட.

நம் வீட்டு வழக்கத்தோடு இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது என்பதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. வாசலில் வேப்பிலை சொருகுவது, வருகிறவர்களுக்கு இங்கே அம்மை கண்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. யாரும் உள்ளே வருவதில்லை, பிள்ளையும் வெளியே போவதில்லை. கொப்புளம் அடங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மூன்றாம் தண்ணீர் முடிந்த பிறகுதான் வெளியே அனுப்புகிறார்கள். அதற்குள் எல்லாம் காய்ந்திருக்கும். மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதை எந்த மருத்துவரும் தடுக்கத் தேவையில்லை. நான் மன்றாடுவது ஒன்றே ஒன்றுதான்: “அம்மைக்கு ஆஸ்பத்திரி போகக்கூடாது, மருந்து கொடுக்கக்கூடாது” என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். ஆரோக்கியமான பிள்ளைக்கு அதனால் பல நேரம் கேடு வராமல் போகலாம். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு அந்த ஒரு வாரம் உயிரைப் பறித்துவிடும். இன்னொன்றும் உண்டு. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறவர்கள் காய்ந்த பொருக்கின் மேல் பூசட்டும், உடைந்த கொப்புளத்தின் மேல் பூசினால் அரைத்த கல்லிலிருந்தும் கையிலிருந்தும் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும். வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் குளிப்பாட்டித் துணியால் ஒற்றி எடுப்பதால் நோய் கூடாது, சீழ் பிடிப்பதுதான் குறையும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, அது சின்னம்மையோடு சேர்ந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய்ஸ் சிண்ட்ரோம் என்ற கொடிய நிலை வரலாம். கவாசாகி போன்ற நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தை இருந்தால் தொடர்பு ஏற்பட்ட உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இபுபுரூஃபனையும் தவிர்ப்பது நல்லது. கொப்புளத்தில் கிருமி புகுந்து தோலுக்கு அடியில் சதை அழுகும் அபூர்வமான சிக்கலோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

எப்போது பயப்பட வேண்டும்? நான்காம் நாளுக்குப் பிறகும் காய்ச்சல் நிற்காமல் இருந்தால், அல்லது நின்ற காய்ச்சல் திரும்ப ஏறினால். ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் தோல் சிவந்து, சூடாகி, தொட்டாலே பிள்ளை அலறினால். மூச்சு வாங்கினால். நடை தள்ளாடினால், எழுப்ப முடியாதபடி தூங்கினால், ஓயாமல் வாந்தி எடுத்தால். இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்தத் தனிமைப்படுத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. கொப்புளம் தெரியும் முன்பே பரவிவிடும் நோயை, கொப்புளம் வந்தவரை வீட்டில் வைப்பதால் மட்டும் முழுதாக நிறுத்த முடியாது. நம் வகுப்பில் அடுத்த அலை மார்ச் 13க்கும் 25க்கும் இடையில், பெரும்பாலும் 17 முதல் 20 வரை வரும். அவர்களிடமிருந்து மூன்றாவது அலை ஏப்ரல் முதல் வாரத்தில், சரியாகத் தேர்வு நேரத்தில். இருந்தும் கொப்புளம் உள்ள பிள்ளையை வீட்டில் வைப்பது வகுப்பில் சுற்றும் வைரஸின் அளவைக் குறைக்கிறது, முக்கியமாக அந்த இன்னொரு பிள்ளைக்கு மேலும் மேலும் தொடர்பு ஏற்படாமல் பார்த்துக்கொள்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை அடுத்த அலை தொடங்கும் முன், நம் கணக்கில் மார்ச் 11 வாக்கிலிருந்து, வீட்டில் இருப்பது நல்லதா என்று அதன் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். இம்யூனோகுளோபுலின் போட்ட பிள்ளையைக் கண்காணிக்கும் காலம் 21 நாளோடு முடியாது, 28 நாள் வரை நீளும். ஊசி நோயைத் தள்ளிப்போடக்கூடும் என்பதால் இந்தக் கூடுதல் வாரம்.

பள்ளியை மூட வேண்டுமா? வேண்டாம். மூடினால் பிள்ளைகள் டியூஷனிலும் தெருவிலும் திருவிழாக் கூட்டத்திலும் சந்தித்துக்கொள்வார்கள். ஃபினாயில் ஊற்றிக் கழுவுவதும் மருந்தடிப்பதும் கண்ணுக்கு நிறைவாக இருக்குமே தவிர அதிகம் பயன் இல்லை, இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. சன்னல்களைத் திறந்து வையுங்கள். நோயுற்றவனின் தங்கைக்கு ஒன்றும் இல்லையென்றால் அவள் பள்ளிக்கு வரலாம், ஆனால் தினமும் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் இரண்டாவதாக வருகிற சின்னம்மை முதலாவதைவிடக் கடுமையாக இருப்பது வழக்கம். ஆகவே அவளுக்கு முதல் கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 12 வயது தாண்டியவர்களுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிகள், அம்மை விடுப்பை அந்தக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். பரிசுக்காகப் பவுடர் பூசி அனுப்பப்பட்ட பிள்ளைகளை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் சின்னம்மைதானா என்ற சந்தேகமும் அடிக்கடி வரும். சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அதுவும் உடம்பின் நடுப்பகுதியிலும் தலையிலும் அதிகமாக இருந்தால், சின்னம்மைதான். உள்ளங்கை, உள்ளங்கால், வாயைச் சுற்றி மட்டும் என்றால் கை கால் வாய் நோயாக இருக்கலாம். மூன்று நாள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, அதன்பின் காதோரத்தில் தொடங்கிக் கீழே இறங்கும், நீர் கோக்காத தடிப்பு என்றால் அது தட்டம்மை. அதற்கு விதிகள் வேறு, சுகாதார நிலையத்துக்கு உடனே சொல்ல வேண்டும். தடுப்பூசி போட்ட பிள்ளைகளிடம் கவனம் வேண்டும். அவர்களுக்குச் சின்னம்மை வந்தாலும் ஐம்பதுக்குக் குறைவான புள்ளிகளோடு, நீர் கோக்காமலேகூடப் போய்விடும். வேர்க்குரு என்றோ கொசுக்கடி என்றோ நினைத்துவிடுவோம். அந்தப் புள்ளிகள் பொருக்குத் தட்டாது என்பதால், 24 மணி நேரம் புதிதாக ஒன்றும் வராத பிறகு பள்ளிக்கு அனுப்பலாம்.

தாத்தாவின் விலாவில் வந்த அக்கியும் இதே வைரஸ்தான். ஒருகாலத்தில் வந்த சின்னம்மை நரம்பில் ஒளிந்திருந்து வயதான பிறகு அக்கியாக எழுகிறது. அந்தக் கொப்புள நீர் பட்டால் பேரனுக்குச் சின்னம்மை வரும். அக்கிக்குக் காவியால் எழுதிக்கொள்கிறவர்கள், காயும் வரை அதைத் துணியால் மூடிவைக்க வேண்டும்.

தடுப்பூசியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி. 1964இல் அமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது தன் மூன்று வயது மகன் சின்னம்மையால் மூச்சுத் திணறியதைப் பார்த்தவர், பத்தாண்டு உழைத்து 1974இல் அதை உருவாக்கினார். இந்தியாவில் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. குழந்தை மருத்துவர்கள் 15 மாதத்தில் ஒன்று, சில மாதம் கழித்தோ பள்ளியில் சேரும் வயதிலோ இரண்டாவது என்று பரிந்துரைக்கிறார்கள். காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. எல்லோராலும் முடியாது என்று எனக்குத் தெரியும். வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை இருந்தால், அதன் அண்ணன் தங்கைக்காவது மருத்துவரைக் கேட்டுப் போட்டுவிடுங்கள். தடுப்பூசி போட முடியாத பிள்ளைக்கு, சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் காவல்.

பள்ளிகளின் சேர்க்கைப் படிவத்தில் ரத்த வகை கேட்கிறார்கள், மச்ச அடையாளம் கேட்கிறார்கள். “உங்கள் பிள்ளை தொடர்ந்து ஏதாவது மருந்து சாப்பிடுகிறதா?” என்று பெரும்பாலும் கேட்பதில்லை. பள்ளி நடத்துகிறவர்கள் இந்த ஜூனில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பிள்ளை ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ சாப்பிட்டால், “எங்கள் வகுப்பில் யாருக்கு அம்மை வந்தாலும் அன்றைக்கே எங்களுக்குப் போன் செய்யுங்கள்” என்று எழுதி, கைப்பேசி எண்ணோடு நாளைக் காலையிலேயே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.